நகரக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்: நீர் செல்லும் பாதையும் விளக்கமும்

காவிரிக் கிளையாற்றின் கரையில் உள்ள இந்நிலையம் நாளொன்றுக்கு 80 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அளவில் அமைக்கப்பட்டுள்ளது. நிலையத்தைப் பார்வையிட வரும் நகர்மன்ற உறுப்பினர்களும் மாணவர்களும் கீழ்க்கண்ட படத்தின் எண்களைத் தொட்டிகளின் மீதுள்ள எண்களோடு பொருத்திப் பார்க்கலாம்.

```
   பாதாளச் சாக்கடை
        ↓
[1] நீரேற்றுக் கிணறு
        ↓
[2] கம்பிச் சல்லடை → குப்பை
        ↓
[3] மணல் பிடிக்கும் தொட்டி → மணல்
        ↓
[4] முதல்நிலைப் படிவுத் தொட்டி → கசடு → [9]
        ↓
[5] காற்றூட்டத் தொட்டி ← மீள்கசடு ([6]-இலிருந்து)
        ↓
[6] இரண்டாம்நிலைப் படிவுத் தொட்டி → மிகைக் கசடு → [9]
        ↓
[7] மணல் வடிகட்டி
        ↓
[8] குளோரின் தொட்டி
        ↓
   வடிகால் வாய்க்கால்

[9] கசடு செரிப்பான் → உலர்களம்
```

டெல்டா நிலம் சமதளமானது என்பதால் கழிவுநீர் தானாக இங்கு வந்து சேராது; கிணற்றில் (1) தேக்கி, பம்பு மூலம் மேலேற்ற வேண்டும். சல்லடையும் மணல் தொட்டியும் (2, 3) அடுத்து வரும் பம்புகளையும் குழாய்களையும் காப்பதற்கானவை.

முதல்நிலை: படிவுத் தொட்டியில் (4) நீர் ஏறத்தாழ 2 மணி நேரம் மிக மெதுவாக நகரும்போது, நீரில் கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள்களில் பாதிக்கு மேல் அடியில் படிந்துவிடும். ஆனால், நீரில் கரைந்திருக்கும் அழுக்கை இந்நிலை தொடுவதே இல்லை.

இரண்டாம்நிலை: நிலையத்தின் உயிர்நாடி காற்றூட்டத் தொட்டிதான் (5). இங்கே ஊதுபொறிகள் செலுத்தும் காற்றைக் கொண்டு வாழும் நுண்ணுயிரிகள், கரைந்த கரிமப் பொருளை உண்டு பெருகித் திரள்களாகின்றன. அத்திரள்கள் அடுத்த தொட்டியில் (6) படிய, அவற்றின் பெரும்பகுதி மீள்கசடாகத் திரும்ப அனுப்பப்படுகிறது. காற்று சில மணி நேரம் நின்றாலும் இவ்வுயிரிகள் மடியத் தொடங்கும், பழைய நிலைக்கு மீட்க நாட்கள் பிடிக்கும். எனவே மின்தடையின்போது ஜெனரேட்டரை முதலில் ஊதுபொறிகளுக்கே இணைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின்போது ஆள்நுழைவுக் குழிகள் வழியே மழைநீர் புகுந்தால், வேகமான ஓட்டம் இவ்வுயிரிகளை அடித்துச் சென்றுவிடவும் கூடும்.

மூன்றாம்நிலை: இதைத் தவிர்த்துவிடலாம் என்ற எண்ணம் டெல்டாவிற்குப் பொருந்தாது. மேட்டூர் அணை மூடப்பட்டிருக்கும் மாதங்களில் ஆற்றில் நீரோட்டம் அற்றுப்போகும். வாய்க்காலில் ஓடுவது பெரும்பாலும் நாம் வெளியேற்றும் நீர் மட்டுமே, அதில் மக்கள் குளிக்கவும் மாடுகள் குடிக்கவும் செய்கின்றன. நுண்துகள்களுக்குள் கிருமிகள் ஒளிந்துகொண்டால் குளோரின் அவற்றை எட்டாது என்பதால், வடிகட்டிய (7) பின்னரே குளோரின் கலந்து (8) அரை மணி நேரம் நிறுத்தப்படுகிறது. நீரில் எஞ்சும் தழைச்சத்து வயலுக்கு உரமாகும்; ஆயினும் அளவு மிஞ்சினால் நெற்பயிர் செழித்து வளர்ந்து சாய்ந்துவிடும்.

கசடு (9) காற்றில்லாத் தொட்டியில் செரிக்கப்பட்டபின் களத்தில் உலர்த்தப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் உலராது என்பதால், புரட்டாசிக்குள் களங்களைக் காலி செய்து வைப்பது அவசியம்.