சாய ஆலையில் வெளி ஒப்பந்தப் பணிகள்: தேர்வு, அனுமதி, மேற்பார்வை நடைமுறை

பெருந்துறை ஆலையின் பர்ச்சேஸ், மெயின்டனன்ஸ், மனிதவளம், செக்யூரிட்டி பிரிவுகளுக்கு. தீபாவளி ஷட்டவுன் வேலைகள் உட்பட, வெளியாட்கள் செய்யும் எல்லா வேலைக்கும் இது பொருந்தும்.

ஆர்டர் கொடுக்கும் முன்

கொட்டேஷன் கேட்கும்போதே வேலையின் ஆபத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். "கூரை சீட் மாற்றுதல்" என்று மட்டும் போட்டால், வலையும் நடைபலகையும் இல்லாத விலைதான் வரும். பிறகு அவற்றைக் கேட்டால் வேலை நிற்கும், இல்லையென்றால் பலகை இல்லாமலே ஆள் ஏறுவார். எனவே பாதுகாப்புச் செலவு கொட்டேஷனில் தனி வரியாக இருக்கட்டும். குறைந்த விலை என்ற ஒரே காரணத்துக்காகப் பர்ச்சேஸ் யாரையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. பாதுகாப்பு அலுவலரின் கையெழுத்தும் வேண்டும்.

ஒப்பந்ததாரரிடம் வாங்க வேண்டியவை: சட்டப்படி தேவையெனில் ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம், கடைசி மூன்று மாத பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலான், இ.எஸ்.ஐ.யில் வராதவர்களுக்கு இழப்பீட்டுக் காப்பீடு, கடந்த மூன்று ஆண்டு விபத்து விவரம், வெல்டர், எலக்ட்ரீஷியன் தகுதிச் சான்றுகள், செயின் பிளாக், கிரேன், ஸ்லிங் ஆகியவற்றுக்கு 12 மாதத்துக்குள் எடுத்த சோதனைச் சான்று. செலானில் உள்ள பெயர்களை வரப்போகும் ஆட்களின் ஆதாருடன் ஒப்பிடுங்கள். இது மனிதவளத் துறையின் வேலை, கேட்டில் செய்யும் வேலையல்ல.

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். காகிதம் ஒருவருடையது, வேலைக்கு வருவது அவர் துணை ஒப்பந்தம் கொடுத்த இன்னொருவரின் ஆட்கள். நாம் சரிபார்த்த அனுபவமும் பயிற்சியும் உள்ளே வந்தவர்களிடம் இருக்காது. எழுத்து அனுமதி இல்லாமல் துணை ஒப்பந்தம் கூடாது; அனுமதித்தாலும் துணை ஒப்பந்ததாரருக்கும் இதே சரிபார்ப்பு உண்டு.

உள்ளே விடும் முன்

அறிமுக வகுப்பு 45 நிமிடம், அவரவர் மொழியில். இந்தி, ஒடியா பேசும் குழுவுக்குத் தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்குவது வகுப்பல்ல. முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் ஐந்து கேள்வி வாய்மொழியாகக் கேளுங்கள். தெரியாதவருக்கு மறுபடி வகுப்பு. கூடும் இடத்துக்கு நடந்துபோய்க் காட்டச் சொல்லுங்கள். அடையாள அட்டை 90 நாள் செல்லும்.

நம் ஆலைக்கே உரிய மூன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹைட்ரோஸ் ஸ்டோர் அருகே தண்ணீர் ஊற்றக் கூடாது. ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும், மூச்சடைக்கும் புகையும் வரும். ஸ்டென்டர் புகைக்குழாயில் எண்ணெயும் பஞ்சும் படிந்திருக்கும். ஒரு வெல்டிங் பொறி போதும். கல்நார் கூரை சீட்டில் கால் வைக்கவே கூடாது, போல்ட் வரிசை மேலும் நடக்கக் கூடாது.

வேலை நடக்கும்போது

ஒவ்வொரு வேலைக்கும் நம் ஆலையின் பொறியாளர் ஒருவர் பொறுப்பாளர். ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசர் இருப்பது இவரை விடுவிக்காது. பர்மிட் ஒரு ஷிஃப்டுக்கு மட்டும். இடத்தைப் பார்க்காமல் அலுவலக மேசையில் கையெழுத்திடக் கூடாது.

வெல்டிங், கட்டிங்: சுற்றிலும் 11 மீட்டருக்குப் பஞ்சு, துணி, எண்ணெய் அகற்ற வேண்டும், நகர்த்த முடியாததைத் தீத்தடுப்புப் போர்வையால் மூட வேண்டும். மேலே டிரஸ்ஸில் படிந்த பஞ்சுத் தூசியையும் பாருங்கள். வேலை முடிந்த பின்னும் ஒரு மணி நேரம் தீக்காவலர் அங்கேயே இருக்க வேண்டும். கையில் பிடிக்கும் மின்கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகவே இணைப்பு.

கழிவுநீர்த் தொட்டி: உள்ளே இறங்காமலே ஜெட், பம்ப் வைத்து முடிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள், எரிவாயு அளவு கீழ் வெடிப்பு எல்லையில் 10 சதவீதத்துக்குக் கீழ், ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம்.முக்குக் கீழ் இருக்க வேண்டும். மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். காலையில் ஒருமுறை அளந்தது போதாது: சேற்றைக் கிளறியதும் அடியில் அடைபட்ட வாயு ஒரேயடியாக வெளியேறும். மீட்டர் ஆளின் உடம்பிலேயே ஓடிக்கொண்டிருக்கட்டும், புளோயரை நிறுத்தக் கூடாது. வாடை இல்லை என்பதை நம்பாதீர்கள். செறிவு கூடினால் மூக்கு அதை உணராது. டிரைபாட், வின்ச் கயிறு ஆளுடன் இணைந்திருக்க வேண்டும். மயங்கியவரைத் தூக்க இன்னொருவர் அப்படியே இறங்கக் கூடாது. தொட்டி மரணங்களில் இரண்டாவது, மூன்றாவது உயிர் இப்படித்தான் போகிறது.

இயந்திர வேலைக்கு நம் எலக்ட்ரீஷியன் ஐசொலேட்டரில் பூட்டுப் போடுவார். ஒப்பந்த ஆளும் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்திருப்பார். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி இயங்கவில்லை என்று பார்த்த பிறகே கை வைக்கலாம்.

நிறுத்தும் உரிமை

ஆபத்தைக் கண்டால் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம், ஒப்பந்தத் தொழிலாளியும்தான். அதனால் போகும் நேரத்துக்குக் கூலியோ பில்லோ பிடிக்கக் கூடாது. பிடித்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பர்மிட் இல்லாமல் வேலை, பூட்டை உடைத்தல், அனுமதியில்லாத துணை ஒப்பந்தம் ஆகிய மூன்றுக்கும் எச்சரிக்கை கிடையாது. அன்றே வேலை நிறுத்தப்படும், ஒப்பந்ததாரர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்.

இறுதி பில்லுடன் பொறுப்பாளரின் மதிப்பீட்டுத் தாளும் மூடிய பர்மிட்களும் இணைந்திருந்தால்தான் அக்கவுண்ட்ஸ் பணம் விடுவிக்கும்.