காரின் எடையும் குதிரைத்திறனும் எரிபொருள் சிக்கனத்தை எப்படித் தீர்மானிக்கின்றன: முறையும் முடிவுகளும்

முறை

இந்தப் பகுதிக்கான தரவு, 1974-இல் அமெரிக்காவின் மோட்டார் டிரெண்ட் இதழில் வந்தது. R மென்பொருளில் `mtcars` என்ற பெயரில் கிடைக்கிறது. 1973–74 மாடல்களைச் சேர்ந்த 32 கார்கள் இதில் உள்ளன. விடுபட்ட மதிப்பு எதுவும் இல்லை. சார்ந்த மாறி, ஒரு அமெரிக்க கேலனுக்கு ஓடும் மைல் (`mpg`). விளக்க மாறிகள் இரண்டு: ஆயிரம் பவுண்டுகளில் எடை (`wt`), குதிரைத்திறன் (`hp`). சிலிண்டர் எண்ணிக்கை, எஞ்சின் கொள்ளளவு ஆகியவை இந்த இரண்டோடும் நெருங்கிச் செல்பவை. 32 கார்களை வைத்து அவற்றின் பங்கைத் தனித்தனியே பிரித்துச் சொல்ல முடியாது என்பதால் சேர்க்கவில்லை.

முதலில் சாதாரண மீச்சிறு வர்க்க முறையில் கூட்டல் மாதிரி பொருத்தப்பட்டது. நேர்கோட்டுத் தன்மையை எச்சங்களின் வரைபடத்தாலும், மாறாப் பரவலை ப்ரூஷ்–பேகன் சோதனையாலும், எச்சங்களின் இயல்நிலைப் பரவலை ஷாபிரோ–வில்க் சோதனையாலும், விளக்க மாறிகளுக்கிடையேயான மிகை ஒட்டுறவை VIF மதிப்பாலும், தனி ஒரு காரின் செல்வாக்கைக் குக் தூரத்தாலும் சோதித்தேன். பொருளுணர்த்து மட்டம் 5%. எச்சங்களின் வரைபடத்தைப் பார்த்த பிறகே இரண்டாவது மாதிரியில் இடைவினை உறுப்பு சேர்க்கப்பட்டது. ஆகவே அது முன்கூட்டி வகுத்த கருதுகோளின் சோதனை அல்ல, தரவைப் பார்த்து எழுந்த ஆய்வு.

```
m1 <- lm(mpg ~ wt + hp, data = mtcars)
m2 <- lm(mpg ~ wt * hp, data = mtcars)
```

முடிவுகள்

கூட்டல் மாதிரி `mpg`-இன் மாறுபாட்டில் 82.7 விழுக்காட்டை விளக்கியது: R² = 0.827, திருத்திய R² = 0.815, F(2, 29) = 69.21, p < 0.001. குதிரைத்திறன் மாறாதிருக்க, எடை ஆயிரம் பவுண்டு கூடும்போது சராசரியாக 3.88 மைல் குறைகிறது (B = −3.878, திட்டப் பிழை 0.633, 95% நம்பிக்கை இடைவெளி −5.17 முதல் −2.58 வரை, β = −0.63, p < 0.001). எடை மாறாதிருக்க, குதிரைத்திறன் 10 கூடினால் 0.32 மைல் குறைகிறது (B = −0.0318, திட்டப் பிழை 0.0090, இடைவெளி −0.050 முதல் −0.013 வரை, β = −0.36, p = 0.001).

சில அனுமானங்கள் சிக்கலின்றி நின்றன. இரு விளக்க மாறிகளின் ஒட்டுறவு 0.66, VIF 1.77. ப்ரூஷ்–பேகன் சோதனையில் பரவல் மாறுவதற்குச் சான்று இல்லை (BP = 0.88, df = 2, p = 0.644). மிகப் பெரிய குக் தூரம் கிறைஸ்லர் இம்பீரியலுக்கு, 0.42. மசராட்டி போரா 335 குதிரைத்திறனோடு மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது (லெவரேஜ் 0.39, சராசரி 0.09), ஆனாலும் அதன் குக் தூரம் 0.27தான். எந்தக் காரையும் நீக்கவில்லை.

நேர்கோட்டு அனுமானமும் இயல்நிலைப் பரவல் அனுமானமும் அப்படி நிற்கவில்லை. ஷாபிரோ–வில்க் சோதனை இயல்நிலைப் பரவலை நிராகரித்தது (W = 0.928, p = 0.034). வரைபடத்தில் காரணம் தெரிகிறது: எச்சங்கள் இரு முனைகளிலும் மேலே வளைகின்றன. டொயோட்டா கொரோலா (+5.85), ஃபியட் 128 (+5.80) என்ற இரண்டு இலகுவான கார்களும், கிறைஸ்லர் இம்பீரியல் (+5.51) என்ற மிகக் கனமான காரும், மாதிரி கணித்ததைவிட நன்றாக ஓடுகின்றன. இதை மூன்று விலகல் மதிப்புகள் என்று ஒதுக்குவது தவறு. மாதிரியின் வடிவமே பொருந்தவில்லை.

இடைவினை உறுப்பைச் சேர்த்தபோது R² 0.885 ஆக உயர்ந்தது (திருத்திய R² = 0.872). முன்னேற்றம் பொருளுடையது: F(1, 28) = 14.09, p < 0.001. இடைவினைக் கெழு 0.0278 (திட்டப் பிழை 0.0074, இடைவெளி 0.013 முதல் 0.043 வரை). மேற்சொன்ன மூன்று எச்சங்களும் அதே வரிசையில் 3.65, 4.55, 2.20 எனச் சுருங்கின. எடையின் விளைவு எல்லாக் கார்களுக்கும் ஒன்றல்ல என்பதே இதன் பொருள். கீழ்க் கால்மானமான 96.5 குதிரைத்திறனில் ஆயிரம் பவுண்டுக்கு 5.5 மைல் குறைகிறது. மேல் கால்மானமான 180-இல் 3.2 மைல்தான் குறைகிறது. ஏற்கெனவே நிறைய எரிபொருள் குடிக்கும் காரில் இழக்க மிச்சம் குறைவு. இதனால், கூட்டல் மாதிரி தந்த 3.88 என்ற ஒற்றை எண்ணை இந்த ஆய்வின் முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை.

சார்பின்மை அனுமானத்தை எந்தச் சோதனையாலும் காப்பாற்ற முடியாது. கார்கள் காலவரிசையில் எடுக்கப்பட்டவை அல்ல என்பதால் டர்பின்–வாட்சன் எண்ணுக்கு இங்கே பொருளில்லை. உண்மையான சிக்கல் வேறு: 32-இல் ஏழு மெர்சிடிஸ் கார்கள். அவற்றில் 280, 280C இரண்டுக்கும் எடையும் குதிரைத்திறனும் ஒன்றே. மாஸ்டா RX4-உம் அதன் வேகன் வடிவமும் பெரும்பாலும் ஒரே கார். எனவே மேலே உள்ள திட்டப் பிழைகள் உண்மையைவிடச் சிறியவையாக இருக்கக்கூடும். இதழ் தேர்ந்தெடுத்த கார்கள் சமவாய்ப்பு மாதிரியும் அல்ல; கெழுக்களை அந்தக் காலத்து எல்லாக் கார்களுக்கும் பொதுமைப்படுத்தவில்லை.