விளைவு நட்ட உரிமைக்கோரல்: அச்சகம் மூடப்பட்டிருந்த காலத்து இலாப இழப்பு

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
2025 பெப்ரவரி 12

முகாமையாளர்,
உரிமைக்கோரல் பிரிவு,
கொழும்பு 02.

ஐயா,

2024 ஒக்டோபர் 2 தீ விபத்து: விளைவு நட்டக் காப்புறுதியின் கீழான இறுதி உரிமைக்கோரல்

கடந்த ஒக்டோபர் 2 ஆம் திகதி புதன்கிழமை இரவு எமது அச்சகத்தின் மின்பலகையில் ஏற்பட்ட மின்னொழுக்கினால் தீப்பிடித்தது. கொழும்பு மாநகர சபைத் தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து அணைத்தார்கள். கடதாசிக் கிடங்கின் ஒரு பகுதி எரிந்ததோடு, பாய்ச்சிய நீர் நான்கு வர்ண ஒஃப்செட் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் இறங்கிவிட்டது. உருளைகள் பழுதின்றி இருந்தும் மின்தகடு கருகியதால் இயந்திரம் அசையவில்லை. மாற்றுத்தகடு இந்தியாவிலிருந்து நவம்பர் 27 அன்றுதான் எமது கைக்குக் கிடைத்தது. டிசெம்பர் 9 ஆம் திகதி இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியது.

கட்டடம், இயந்திரம், கடதாசி ஆகியவற்றுக்கான தீக் காப்புறுதிக் கோரிக்கையை நீங்கள் நவம்பர் 6 ஆம் திகதிக் கடிதத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். ஆகவே விளைவு நட்டக் காப்புறுதிக்கான முன்நிபந்தனை நிறைவேறியிருக்கிறது. எரிந்த கடதாசியின் பெறுமதி இக்கோரிக்கையில் ஒரு சதமும் சேர்க்கப்படவில்லை.

நட்டஈட்டுக் காலமாக 2024 ஒக்டோபர் 3 முதல் டிசெம்பர் 31 வரையான 90 நாட்களை எடுத்திருக்கிறோம். ஒப்பந்தம் தரும் உச்சவரம்பு ஆறு மாதம். ஆனால் ஜனவரியில் எமது வேலை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டபடியால் அதற்கு மேல் கேட்பதற்கு நியாயமில்லை.

மொத்த இலாப வீதம்: 2023/24 நிதியாண்டின் கணக்காய்வு செய்யப்பட்ட கணக்குகளின்படி புரள்வு ரூபா 88,500,000. தேறிய இலாபம் ரூபா 7,965,000. காப்புறுதி செய்யப்பட்ட நிலையான செலவுகள் ரூபா 19,470,000. இரண்டும் சேர்ந்து ரூபா 27,435,000, அதாவது புரள்வில் 31 வீதம்.

புரள்வுத் தொகைகள் யாவும் பெறுமதி சேர் வரி நீங்கலானவை. 2024 ஜனவரி 1 முதல் அவ்வரி 15 இலிருந்து 18 வீதமாக உயர்ந்ததால், வரியோடு ஒப்பிட்டிருந்தால் இல்லாத வளர்ச்சி இருப்பது போலத் தோன்றியிருக்கும்.

எதிர்பார்த்த புரள்வு: 2023 இல் இதே 90 நாட்களின் புரள்வு ரூபா 27,400,000. இந்தத் தொகையை மாற்றாமல் அப்படியே எடுக்கலாம் என்று மதிப்பீட்டாளர் தமது இடைக்கால அறிக்கையில் சொல்லியிருக்கிறார். இதை எம்மால் ஏற்க முடியாது. விபத்து நடந்திராவிட்டால் வியாபாரம் எப்படிப் போயிருக்கும் என்பதைக் கவனித்துச் சீர்செய்ய வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. 2023 ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை ரூபா 39,500,000 ஆக இருந்த புரள்வு, 2024 இன் அதே ஆறு மாதங்களில் ரூபா 44,240,000 ஆகியது. வளர்ச்சி 12 வீதம். செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்காக அச்சடித்த துண்டுப்பிரசுரங்களின் வரவு ரூபா 1,860,000 ஐக் கழித்த பின்னர் வரும் புரள்வும் வளர்ச்சியும் இவை. ஒரு முறை வந்து போகும் வருமானத்தை வளர்ச்சி என்று காட்ட நாங்கள் விரும்பவில்லை.

12 வீதம் சேர்த்தால் ரூபா 30,688,000. இதற்கு மேல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்காக எமக்கு எழுத்தில் கிடைத்து, பின்னர் கைநழுவிய கட்டளைகள் ரூபா 1,150,000. வாய்ப்பேச்சில் வந்தவை எதையும் சேர்க்கவில்லை. ஆக எதிர்பார்த்த புரள்வு ரூபா 31,838,000.

உண்மையான புரள்வு: மருதானையிலுள்ள வேறொரு அச்சகத்தில் கூலிக்கு அடிப்பித்து நாங்கள் விற்றவை ரூபா 7,900,000. டிசெம்பர் 9 இன் பின் எமது இயந்திரத்தில் அடித்தவை ரூபா 3,106,000. தை மாதக் கல்யாண அழைப்பிதழ்களில் டிசெம்பரில் முடியாமல் ஜனவரியில் முடித்துக் கொடுத்தவை ரூபா 1,208,000. தாமதித்தாலும் வந்து சேர்ந்த பணம் என்பதால் இதையும் வரவாகவே காட்டுகிறோம். மொத்தம் ரூபா 12,214,000. நாட்காட்டிகள் அப்படியல்ல. தினக் கிழிப்பு நாட்காட்டி டிசெம்பர் நடுப்பகுதிக்குள் கடைகளுக்குப் போயாக வேண்டும். ஜனவரி பிறந்த பின் அதை வாங்க ஆளில்லை. அந்த இழப்பு இனித் திரும்பாது.

புரள்வுக் குறைவு ரூபா 19,624,000. இதில் 31 வீதம் ரூபா 6,083,440.

மேலதிக இயக்கச் செலவு: மருதானை அச்சகத்துக்குக் கொடுத்த கூலியில் எமது வழக்கமான செலவுக்கு மேற்பட்டது ரூபா 1,264,000, கட்டுநர்களின் இரவு மேலதிக நேரக் கொடுப்பனவு ரூபா 318,000, கடதாசியும் அச்சுத் தகடும் ஏற்றி இறக்கிய லொறி, முச்சக்கரவண்டிக் கூலி ரூபா 146,500, கட்டுவேலைக்கு மூன்று மாதம் எடுத்த தற்காலிக இடத்தின் வாடகை ரூபா 180,000, வாடிக்கையாளருக்கான அறிவித்தல்கள் ரூபா 42,000. மொத்தம் ரூபா 1,950,500. இச்செலவால் காப்பாற்றப்பட்ட புரள்வு ரூபா 7,900,000. அதன் மொத்த இலாபம் ரூபா 2,449,000. செலவு அதற்குக் குறைவு என்பதால் பொருளாதார வரம்பை மீறவில்லை. ஆனால் பணிப்பாளர் வேதனம் ரூபா 1,500,000 காப்புறுதி செய்யப்படாத நிலையான செலவு. ஆகவே விகிதப்படி குறைத்து ரூபா 1,849,385 ஐ மட்டுமே கோருகிறோம்.

ஊழியர் சம்பளம்: இயந்திரம் நின்றிருந்த காலத்தில் அச்சுப் பகுதியின் பதினொரு நிரந்தர ஊழியர்களுக்கும் கொடுத்த சம்பளத்தை, வேலையில்லாதபடியால் தவிர்த்திருக்கலாம் என்று மதிப்பீட்டாளர் எழுதியிருக்கிறார். மாதம் ரூபா 640,000 சம்பளமும், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமுமாக ரூபா 96,000 உம் சேர்த்து, நட்டஈட்டுக் காலத்தின் மூன்று மாதத்துக்கும் ரூபா 2,208,000 கொடுத்தோம். இது நிலையான செலவுப் பட்டியலில் பெயர் குறித்துக் காப்புறுதி செய்யப்பட்டு, தவணைப்பணமும் செலுத்தப்பட்டது. நான்கு வர்ணமும் ஒன்றோடொன்று விலகாமல் பொருத்தி அடிக்கும் இயக்குநரை அனுப்பிவிட்டால், டிசெம்பர் 9 அன்று இயந்திரம் இருந்திருக்கும், அதை ஓட்ட ஆள் இருந்திருக்காது. அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. நால்வர் மருதானையில் நின்று எமது வேலைகளை மேற்பார்த்தார்கள், மற்றவர்கள் நனைந்த கடதாசியைப் பிரித்துக் காயவைத்தார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பாதது சரியான முடிவு என்பதில் எமக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இத்தொகை மொத்த இலாப வீதத்துக்குள் ஏற்கெனவே அடங்குவதால் தனியாகச் சேர்க்கப்படவில்லை. அதை வெட்டவும் இடமில்லை.

மிச்சமானவை: ஒக்டோபரில் கட்டட உரிமையாளர் விட்டுக்கொடுத்த அரை மாத வாடகை ரூபா 110,000, இடைநிறுத்திய இயந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் ரூபா 135,000, குறைந்த நிலையான மின்கட்டணம் ரூபா 96,000. மொத்தம் ரூபா 341,000.

சராசரி நிபந்தனை: ரூபா 88,500,000 உடன் 12 வீத வளர்ச்சியும் கைநழுவிய தேர்தல் கட்டளைகளும் சேர்த்துச் சீர்செய்த வருடாந்தப் புரள்வு ரூபா 100,270,000. அதில் 31 வீதம் ரூபா 31,083,700. காப்புறுதித் தொகை ரூபா 33,000,000 ஆதலால் குறைப்புக்கு இடமில்லை.

கோரும் தொகை:

மொத்த இலாப இழப்பு ரூபா 6,083,440
மேலதிக இயக்கச் செலவு ரூபா 1,849,385
கழிக்க: மிச்சமான செலவு ரூபா 341,000
தேறியது ரூபா 7,591,825
ஒப்பந்தத்தின்படி கணக்காய்வாளர் கட்டணம் ரூபா 85,000
மொத்தம் ரூபா 7,676,825
கழிக்க: டிசெம்பரில் தந்த முற்பணம் ரூபா 2,000,000
மீதி ரூபா 5,676,825

மாதவாரிப் புரள்வு அட்டவணை, பெறுமதி சேர் வரி விபரத்திரட்டுகள், சம்பளப் பட்டியல், மருதானை அச்சகத்தின் விலைப்பட்டியல்கள், தேர்தல் கட்டளைக் கடிதங்கள், கணக்காய்வாளர் சான்று ஆகியன இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. மூலப் பிரதிகளை எந்த வேலைநாளிலும் அச்சகத்தில் பார்வையிடலாம்.

மாற்றுத்தகட்டுக்காக எடுத்த வங்கிக் கடனின் தவணை மார்ச் மாதம் தொடங்குகிறது. சம்பளம், புரள்வுச் சீராக்கல் ஆகிய இரண்டு விடயங்களிலும் உங்கள் தீர்மானத்தைக் காரணங்களோடு எழுத்தில் தரும்படியும், பிணக்கில்லாத தொகையை அதுவரை நிறுத்தி வைக்காமல் விடுவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
நிர்வாகப் பணிப்பாளர்