வளவாளர் வேலை பற்றிக் கேட்பதற்கு: திருகோணமலையிலிருந்து ஓர் ஆசிரியை

வணக்கம்.

நான் உப்புவெளியில் இருக்கிறேன். 14 வருடமாக அரச பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன், இப்போது சாதாரண தர வகுப்புகள். நிறுவன ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வளவாளர் வேலைக்கு மாறலாமா என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். என்னைப் போன்ற ஒருவருக்கு இது சரிவருமா, என்னிடம் என்ன குறைகிறது என்று இப்படிப் பயிற்சிகள் நடத்தும் உங்களிடமே கேட்டுவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி நிலாவெளியில் ஒரு ஹொட்டேலில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். "டீச்சர், கொழும்பிலிருந்து வந்து ஒரு நாள் ட்ரெய்னிங் தந்தார்கள், எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருந்தது, அடுத்த நாள் ஒருவர் ஏசி வேலை செய்யவில்லை என்று சத்தம் போட்டபோது எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை" என்றாள். அது என்னை விடவில்லை. வகுப்பில் தலையாட்டும் பிள்ளைக்கு உண்மையில் விளங்கியதா என்று கண்டுபிடிப்பதுதானே இத்தனை வருடமும் என் வேலை.

போன ஆகஸ்ட் விடுமுறையில் அவளையும் இன்னும் எட்டுப் பேரையும் வைத்து ஆறு பின்னேரம் நடத்தினேன், காசு வாங்கவில்லை. அவர்களுக்கு உண்மையாக வந்த முறைப்பாடுகளை எழுதச் சொல்லி, ஒருவர் விருந்தினர், ஒருவர் ஊழியர் என்று நடிக்க வைத்தேன். முதலில் தமிழில் பேசிப் பழகி, அதையே பிறகு ஆங்கிலத்தில். மூன்று நாள் வாயே திறக்காத அறை சுத்தம் செய்யும் தம்பி நான்காம் நாள் தானாக எழும்பி மன்னிப்புக் கேட்டு, வேறு அறை தரட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஒரு மாதம் கழித்துப் போய் முகாமையாளரிடம் விசாரித்தேன்: இப்போது முறைப்பாட்டைக் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் அடுத்த ஷிஃப்டுக்குக் கையளிக்கிறார்களாம். பயிற்சியின் பலனை அளக்கும் கேர்க்பெட்ரிக்கின் நான்கு நிலைகளில் மூன்றாவது, அதாவது வேலையில் நடத்தை மாறியதா என்பது, இதுதான் என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

எனக்கு வராதவையும் இருக்கின்றன. ஒரு நிறுவனத்துக்குப் பயிற்சி முன்மொழிவு எழுதியதில்லை. சிங்களம் பேசுவேன், ஆனால் ஒரு முழுநாள் செயலமர்வு நடத்தும் அளவுக்கு இல்லை. என்னைவிட வயதில் மூத்தவர்களுக்குப் படிப்பித்த அனுபவமும் குறைவு.

கிழக்கில் தமிழில் நடத்தக்கூடிய வளவாளர்கள் உங்களுக்குத் தேவைப்படுகிறார்களா? நாள் கணக்கிலா கொடுப்பனவு, மாதச் சம்பளமா? அரச சேவையில் இருப்பதால் வெளியில் காசுக்கு வேலை செய்ய அனுமதி எடுக்க வேண்டும், அதனால் முதலில் டிசம்பர் விடுமுறையில் உங்கள் செயலமர்வு ஒன்றில் பின்வரிசையில் இருந்து பார்க்க விடுவீர்களா? கொழும்பு என்றாலும் இரவு பஸ்ஸில் வந்துவிடுவேன். ஓய்வூதியம் உள்ள வேலையை விடுவதா என்பதை வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டும், அதற்கு முன் இந்த வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

விரும்பினால் அந்த ஆறு பின்னேரத்துக்கும் எழுதிய பாடக் குறிப்புகளை அனுப்புகிறேன். பாடசாலை 1.30க்கு முடியும், அதற்குப் பிறகு எப்போதும் பேசலாம்.

நன்றி.
ஆங்கில ஆசிரியை, உப்புவெளி, திருகோணமலை