வினா 4: விடுதிக் காலை உணவும் மறுசூடும் (20 மதிப்பெண்கள்)

சுகாதார ஆய்வாளர் பட்டயப் படிப்பு, இரண்டாம் ஆண்டு மாதிரித் தேர்வு. தாள் 3: உணவுச் சுகாதாரமும் உணவுவழி நோய்களும்.

கீழ்க்காணும் நிகழ்வைக் கவனமாகப் படித்து, அதன்பின் உள்ள எல்லாப் பிரிவுகளுக்கும் விடையளிக்கவும். காரணம் கூறாத விடைக்கு முழு மதிப்பெண் கிடையாது.

ஒரு கல்லூரி மாணவர் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு இடியாப்பமும் கோழிக் குருமாவும் பரிமாறப்பட்டன. அசைவம் உண்ணாதவர்களுக்குக் காய்கறிக் குருமா தனியே வைக்கப்பட்டிருந்தது. குருமாவுக்கான கோழிக்கறி முந்தைய நாள் மாலையே உப்பும் மஞ்சளும் சேர்த்து நன்றாக வேகவைக்கப்பட்டு, இரவு 8.30 மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கப்பட்டது. கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின், சமையலறைப் பணியாளர் இருவர் வெறும் கையால் எலும்பை நீக்கிக் கறியை உதிர்த்தனர். அவர்களுள் ஒருவரின் இடது ஆள்காட்டி விரலில் சீழ் கோத்த வெட்டுக்காயம் இருந்தது, அதன்மேல் துணி சுற்றியிருந்தார். குளிர்பதனப் பெட்டி பாலாலும் தயிராலும் நிறைந்திருந்ததால், உதிர்த்த கறி முழுவதும் ஓர் அலுமினிய அண்டாவில் அழுத்தி நிரப்பப்பட்டு, மூடியிட்டு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சமையலறைத் தரையிலேயே வைக்கப்பட்டது. அன்றிரவு அறையின் வெப்பநிலை ஏறத்தாழ 30°C. காலையில் மசாலாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, கறியைப் போட்டு, குருமா 25 நிமிடங்கள் தளதளவென்று கொதிக்கவிடப்பட்டது. கெட்ட வாடையோ புளிப்போ நிறமாற்றமோ இல்லை என்றும், சுவை நன்றாகவே இருந்தது என்றும் உண்டவர்கள் பலர் கூறினர்.

காலை 9.45 மணிக்கு முதல் மாணவருக்கு வாந்தி தொடங்கியது. நண்பகலுக்குள் பெரும்பாலோர் பாதிக்கப்பட்டனர். கடைசி நோயாளிக்கு 1.30 மணிக்கு அறிகுறி தோன்றியது. திடீரென்று தொடங்கிய கடும் குமட்டல், அடுத்தடுத்த வாந்தி, வயிற்றுப் பிடிப்பு ஆகியவை ஏறக்குறைய அனைவரிடமும் காணப்பட்டன. பாதிப்பேருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. காய்ச்சல் சிலருக்கு மட்டும், அதுவும் இலேசாக. நான்கு பேருக்குச் சிரைவழி உப்புநீர் ஏற்றப்பட்டது. மறுநாள் காலைக்குள் எல்லோரும் தேறிவிட்டனர்.

காலை உணவு உண்டவர்கள் 112 பேர். இடியாப்பம் அனைவருக்கும் ஒரே ஈட்டில் அவித்தது. கோழிக் குருமா உண்ட 84 பேரில் 61 பேரும், காய்கறிக் குருமா மட்டும் உண்ட 28 பேரில் 2 பேரும் நோயுற்றனர். மீந்த கோழிக் குருமாவை வளர்ப்பு ஆய்வு செய்ததில் நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை. இந்த அறிக்கையைக் காட்டி விடுதிக் காப்பாளர் எழுதிய விளக்கத்தில், “கறி இருமுறை வேகவைக்கப்பட்டது, இரண்டாம் முறை 25 நிமிடம் கொதித்தது, ஆய்வகமும் கிருமி இல்லை என்கிறது, ஆகவே குருமா காரணமாக இருக்க முடியாது” என்று வாதிடுகிறார்.

(அ) இரு குழுக்களின் தாக்கு வீதத்தையும், அவற்றின் விகிதத்தையும் கணக்கிடுக. ஐயத்துக்குரிய உணவு எது? (3)

(ஆ) நோய் அரும்பு காலத்தையும் அறிகுறிகளையும் கொண்டு காரணியை இனங்காண்க. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ், சால்மோனெல்லா, பேசில்லஸ் சீரியஸ் ஆகியவற்றை ஏன் விலக்குகிறீர்கள்? (4)

(இ) இரவு 10 மணிக்குக் கறியில் கிராமுக்கு 100 ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிகள் இருந்ததாகவும், 40 நிமிடத்துக்கு ஒருமுறை அவை இரட்டித்ததாகவும் கொள்க. காலை 6 மணிக்கு எண்ணிக்கை என்ன? கிராமுக்கு ஒரு லட்சத்தை எந்நேரத்தில் தாண்டியிருக்கும்? (3)

(ஈ) காப்பாளரின் வாதத்தை அறிவியல் காரணங்களுடன் மறுக்கவும். வேறு எந்த ஆய்வுகளைக் கோருவீர்கள்? (7)

(உ) 2000-ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகா பகுதியில் ஸ்னோ பிராண்டு நிறுவனத்தின் பாலைக் குடித்து 13,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அந்தப் பாலுக்குப் பயன்பட்ட கொழுப்பு நீக்கிய பால்பொடி, ஹொக்கைடோவில் உள்ள தொழிற்சாலையில் மின்தடை ஏற்பட்டபோது சூட்டுடன் தேங்கிநின்ற பாலிலிருந்து தயாரானது. பால் முறைப்படி வெப்பமூட்டப்பட்டும் நோய் ஏன் ஏற்பட்டது என்பதை விடுதி நிகழ்வோடு ஒப்பிட்டு எழுதுக. (3)

விடைக்குறிப்பு (மதிப்பீட்டாளர்களுக்கு மட்டும்)

பிரிவு (அ): கோழிக் குருமா உண்டோரின் தாக்கு வீதம் 61/84 × 100 = 72.6%. உண்ணாதோரின் தாக்கு வீதம் 2/28 × 100 = 7.1%. விகிதம் ஏறத்தாழ 10.2. ஐயத்துக்குரிய உணவு கோழிக் குருமா. உண்ணாத இருவருக்கு எப்படி வந்தது என்று மாணவர் தாமாகவே எழுப்பி, ஒரே கரண்டி இரு பாத்திரங்களிலும் புழங்கியிருக்கலாம் என்றோ, அவர்கள் உண்டதைச் சரியாகச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றோ எழுதியிருந்தால் அதை நல்ல விடையாகக் கொள்ளலாம். எழுதாததற்காக மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

பிரிவு (ஆ): அரும்பு காலம் 1¾ மணி முதல் 5½ மணி வரை. இவ்வளவு விரைவாக வாந்தி முதன்மையாகத் தோன்றி, காய்ச்சல் பெரும்பாலும் இல்லாமல், ஒரு நாளுக்குள் தணிவது, உணவிலேயே உருவாகியிருந்த நச்சு உடலுக்குள் சென்றதைக் காட்டுகிறது. சால்மோனெல்லா குடலில் பெருகி நோய் உண்டாக்க 6 முதல் 72 மணி நேரம் எடுக்கும், காய்ச்சலும் இருக்கும். பெர்ஃபிரிஞ்சன்ஸ்தான் மாணவர்கள் வழுக்கும் இடம்: பெரிய அண்டாவில் மெல்ல ஆறிய கறி என்றதும் அதை எழுதிவிடுகிறார்கள். அதற்குச் சூழல் பொருந்தும், நேரம் பொருந்தாது. 8 முதல் 16 மணி கழித்து வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வரும், வாந்தி அரிது. அதன் உயிருள்ள கிருமிகள் உடலுக்குள் சென்று நச்சைச் சுரந்தாக வேண்டும் என்பதால், நன்றாகக் கொதிக்கவைத்த மறுசூடு அங்கே பெருமளவு பாதுகாப்புத் தரும் என்பதையும் குறிப்பிட்டால் சிறப்பு. வாந்தி உண்டாக்கும் பேசில்லஸ் சீரியஸ் மட்டும் கடினமான போட்டியாளர். அதன் நச்சும் வெப்பம் தாங்குவது, அரும்பு காலமும் ஒத்தது. ஆனால் அது பெரும்பாலும் சோறு போன்ற மாவுப்பொருள் உணவுகளில் வருவது. இங்கே அரிசிமாவு இடியாப்பத்தை 112 பேரும் உண்டிருக்க, கோழி உண்ணாதவர்களில் 2 பேரே நோயுற்றனர் என்பதால் ஐயம் கறியின்மீதே விழுகிறது. விரலின் சீழ்க்காயம் அதை வலுப்படுத்துகிறது.

பிரிவு (இ): 8 மணி நேரம் = 480 நிமிடம் = 12 இரட்டிப்புகள். 100 × 4096 = கிராமுக்கு 4,09,600. பத்தாவது இரட்டிப்பில், அதாவது 400 நிமிடம் கழித்து அதிகாலை 4.40 மணிக்கு, 1,02,400 ஆகி ஒரு லட்சத்தைத் தாண்டும். நோய் உண்டாக்கும் அளவு நச்சு சேர்வதற்கு வேண்டிய எண்ணிக்கையாகப் பொதுவாகச் சொல்லப்படுவது இந்த அளவே. அண்டாவில் அழுத்தி நிரப்பிய கறியின் நடுப்பகுதி பல மணி நேரம் அறையைவிடச் சூடாகவே இருந்திருக்கும். ஆதலால் உண்மையான வளர்ச்சி இந்தக் கணக்கைவிட விரைவாக இருந்திருக்கலாம் என்று எழுதும் மாணவர் சூழலைப் புரிந்துகொண்டவர். காலை ஆறு மணிக்கு அடுப்பு மூட்டும்போது தீங்கு நடந்து முடிந்துவிட்டது என்பதை இக்கணக்கிலிருந்து அவரே கண்டுகொள்ள வேண்டும்.

பிரிவு (ஈ): தாளின் நெஞ்சு இந்தப் பிரிவே, நிதானமாகத் திருத்தவும். காப்பாளர் சொல்லும் மூன்று செய்திகளும் உண்மை, அவற்றிலிருந்து அவர் வந்தடையும் முடிவுதான் பிழை. “காப்பாளர் பொய் சொல்கிறார்” என்று தொடங்கும் விடைகள் கேள்வியைத் தவறவிட்டவை.

முதல் வேகலில் கறியிலிருந்த கிருமிகள் இறந்தன. அதன்பிறகு காயம்பட்ட விரல் வழியே புதிய கிருமிகள் வந்து சேர்ந்தன. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், பச்சைக்கறியில் மற்ற கிருமிகளோடு போட்டியிட்டுப் பெருக முடியாமல் திணறுவது. வேகவைத்த கறியில் போட்டிக்கு ஆள் இல்லை, உப்பும் அதைத் தடுப்பதில்லை. இரவெல்லாம் பெருகும்போது அது என்டரோடாக்சின் என்னும் புரதநச்சைக் கறிக்குள் சுரந்துவிட்டது. காலைக் கொதிப்பில் நிகழ்ந்தது இதுதான்: கிருமி இறந்தது, நச்சு இறக்கவில்லை. கிருமியின் உயிரணு 60 முதல் 70°C வெப்பத்திலேயே சில நிமிடங்களில் அழிகிறது. நச்சோ சிறிய, இறுக்கமாக மடிந்த புரதம், 100°C-இல் அரைமணி நேரம் கொதித்தாலும் நோய் உண்டாக்கும் வலிமையை முற்றாக இழப்பதில்லை. புரதம் என்றால் சூட்டில் கெட்டுவிடும் என்று முட்டையை நினைத்துக்கொண்டு எழுதுவோர் பலர். எல்லாப் புரதமும் ஒரே சூட்டில் கெடுவதில்லை என்று ஒரு வரியாவது விடையில் இருக்க வேண்டும். மாறாக, பாட்டுலினம் நச்சு கொதிநிலையில் சில நிமிடங்களில் செயலிழக்கும் என்பதை ஒப்பிட்டுக் காட்டினால் முழு மதிப்பெண் வழங்கலாம்.

அடுத்து, இரைப்பையின் பெப்சினும் குடலின் டிரிப்சினும் இந்த நச்சைச் சிதைக்க இயலாது. மைக்ரோகிராமில் ஒரு பங்கே போதும். அது குடல்நரம்புகளைத் தூண்டி, வேகஸ் நரம்பு வழியாக மூளையின் வாந்தி மையத்தை எட்டுகிறது. இவ்வளவு குறைந்த அளவுக்கு மணமோ சுவையோ இல்லாததால், “சுவை நன்றாக இருந்தது” என்னும் சாட்சியம் எதையும் மெய்ப்பிக்காது.

இனி ஆய்வக அறிக்கை. வளர்ப்பு ஆய்வு உயிருள்ள கிருமியை மட்டுமே காட்டும். 25 நிமிடம் கொதித்த உணவில் அது வளராதது எதிர்பார்த்ததே. கோர வேண்டியவை: மீந்த குருமாவில் எலிசா முறையில் என்டரோடாக்சின் ஆய்வு, வெப்பம் தாங்கும் நியூக்ளியேஸ் நொதிக்கான ஆய்வு, ஏனெனில் கிருமி இறந்தபின்னும் அதன் தடயமாக இந்நொதி எஞ்சும், கிராம் சாயமேற்றிய நுண்ணோக்கி ஆய்வு, இறந்த கிருமிகளும் அதில் கொத்துக்கொத்தாகத் தெரியக்கூடும், பணியாளர்களின் விரல்காயம், மூக்கு ஆகியவற்றிலிருந்தும் நோயாளிகளின் வாந்தியிலிருந்தும் மாதிரிகள். மூக்கில் கிருமி இருப்பது மட்டுமே சான்றாகாது. நலமாக இருப்பவர்களிலும் பலர் அதைச் சுமக்கிறார்கள், எனவே காயத்திலும் வாந்தியிலும் கிடைக்கும் வகைகள் ஒன்றா என்று பார்க்க வேண்டும். மதிப்பெண் பகிர்வு: கிருமிக்கும் நச்சுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 3, வளர்ப்பு அறிக்கையின் வரம்புக்கு 2, ஆய்வுகளுக்கு 2. “மறுமுறை இன்னும் அதிக நேரம் கொதிக்கவிட்டிருக்க வேண்டும்” என்று பரிந்துரைக்கும் விடைக்கு, மற்றவை சரியாக இருந்தாலும், இப்பிரிவில் 4-க்கு மேல் வழங்க வேண்டாம்.

பிரிவு (உ): மின்தடையின்போது வெதுவெதுப்பாக நின்ற பாலில் கிருமி பெருகி என்டரோடாக்சின் ஏ உருவானது; பின்னர் நிகழ்ந்த வெப்பமூட்டல் கிருமியைக் கொன்றது, பொடியில் நச்சு தங்கியது, அந்தப் பொடியைக் கரைத்துத் தயாரித்த பாலிலும் அது தொடர்ந்தது. விடுதியின் அண்டாவும் தொழிற்சாலையின் தேங்கிய பாலும் ஒரே பிழையின் இரு அளவுகள்: குளிரவைக்க வேண்டிய உணவு மணிக்கணக்கில் வெதுவெதுப்பில் நின்றது. தவிர்க்கும் வழியாக, கறியை ஆழமற்ற தட்டுகளில் பரப்பி இரண்டு மணி நேரத்துக்குள் 5°C-க்குக் குளிர்விப்பதையோ, காலையிலேயே சமைப்பதையோ எழுதலாம். சீழ்க்காயம் உள்ளவர் உணவைத் தொடக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலேயே உள்ளது. இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு 1, ஒப்பீட்டுக்கு 2.