பரிணாமமும் வகைப்பாடும்: ஒன்றுபோல் தெரியும் விடைகளுடன் 12 வினாக்கள்

நீட் தேர்வுக்குத் தமிழ்வழியில் படிக்கும் 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கான வாரத் தேர்வு. 12ஆம் வகுப்புப் பரிணாமப் பாடமும் 11ஆம் வகுப்பு வகைப்பாட்டுப் பாடமும் சேர்ந்தது.

நேரம்: 15 நிமிடம். மதிப்பெண்: 48. சரியான விடைக்கு 4. தவறான விடைக்கு 1 கழிக்கப்படும். விடப்பட்ட வினாவுக்கு 0. நான்கு விடைகளையும் கடைசிச் சொல்வரை படித்த பிறகே குறிக்கவும்.

வினாக்கள்

1. அமைப்பு ஒத்த உறுப்புகள் உள்ள இணை எது?
(1) பட்டாணியின் பற்றுக்கம்பி – பூசணியின் பற்றுக்கம்பி
(2) காகிதப்பூச் செடியின் முள் – பூசணியின் பற்றுக்கம்பி
(3) காகிதப்பூச் செடியின் முள் – சப்பாத்திக்கள்ளியின் முள்
(4) காகிதப்பூச் செடியின் முள் – பட்டாணியின் பற்றுக்கம்பி

2. செயல் ஒத்த உறுப்புகள் உள்ள இணை எது?
(1) உருளைக்கிழங்கு – இஞ்சி
(2) உருளைக்கிழங்கு – சேனைக்கிழங்கு
(3) கேரட் – முள்ளங்கி
(4) உருளைக்கிழங்கு – சர்க்கரைவள்ளிக்கிழங்கு

3. வௌவாலின் இறக்கையும் பறவையின் இறக்கையும்
(1) எப்படிப் பார்த்தாலும் அமைப்பு ஒத்தவை மட்டுமே
(2) எப்படிப் பார்த்தாலும் செயல் ஒத்தவை மட்டுமே
(3) முன்னங்கால்களாக அமைப்பு ஒத்தவை, இறக்கைகளாகச் செயல் ஒத்தவை
(4) முன்னங்கால்களாகச் செயல் ஒத்தவை, இறக்கைகளாக அமைப்பு ஒத்தவை

4. டாஸ்மேனிய ஓநாய் ஒரு பைப்பாலூட்டி. சாம்பல் ஓநாய் நஞ்சுக்கொடிப் பாலூட்டி. இவ்விரண்டின் தலையும் உடலும் ஒன்றுபோல் இருப்பது எதற்கு எடுத்துக்காட்டு?
(1) குவி பரிணாமம்
(2) விரி பரிணாமம்
(3) தகவமைப்புப் பரவல்
(4) கூட்டுப் பரிணாமம்

5. ஒரு பகுதியில் பல ஆண்டுகள் ஒரே பூச்சிக்கொல்லியைத் தெளித்த பின் பெரும்பாலான கொசுக்கள் அதற்குச் சாகவில்லை. இதற்குச் சரியான விளக்கம்
(1) மருந்து பட்டதால், அதை எதிர்க்கும் சடுதிமாற்றம் கொசுக்களில் உண்டானது
(2) ஒவ்வொரு கொசுவும் மருந்துக்குப் பழகி, பழகிய தன்மையைச் சந்ததிக்குக் கடத்தியது
(3) எதிர்ப்பு அல்லீல் சில கொசுக்களில் முன்பே இருந்தது. அவை பிழைத்துப் பெருகின
(4) எதிர்ப்பு அல்லீல் எல்லாக் கொசுக்களிலும் முன்பே இருந்தது. மருந்து அதைத் தூண்டியது

6. கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னே மேஜர் தீவில் 1977ஆம் ஆண்டு வறட்சி வந்தது. சிறிய விதைகள் தீர்ந்து, பெரிய கடின விதைகளே மிஞ்சின. நடுத்தரத் தரைக்குருவிகளில் பல மடிந்தன; பிழைத்தவற்றில் தடித்த அலகுடையவையே மிகுதி. அடுத்த தலைமுறையின் சராசரி அலகுத் தடிப்பும் கூடியது. இது
(1) நிலைப்படுத்துதல் தேர்வு
(2) இலக்கு நோக்கிய தேர்வு
(3) உடைத்தல் முறைத் தேர்வு
(4) மரபியல் நகர்வு

7. நிலைப்படுத்துதல் தேர்வு பல தலைமுறைகள் தொடர்ந்தால் ஒரு பண்பின் வரைபடத்தில்
(1) சராசரி நகராது, வளைகோடு குறுகும்
(2) சராசரி நகராது, வளைகோடு அகலும்
(3) சராசரி நகரும், வளைகோடு குறுகும்
(4) சராசரி நகராது, வளைகோட்டில் இரு முகடுகள் தோன்றும்

8. ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த நான்கு பெண் ஓணான்களில் டார்வினியத் தகுதி மிகுந்தது எது?
(1) 9 ஆண்டு வாழ்ந்து 40 முட்டை இட்டது. 3 குஞ்சுகள் இனப்பெருக்க வயதை எட்டின
(2) 5 ஆண்டு வாழ்ந்து 22 முட்டை இட்டது. 6 குஞ்சுகள் இனப்பெருக்க வயதை எட்டின
(3) 7 ஆண்டு வாழ்ந்து 31 முட்டை இட்டது. 4 குஞ்சுகள் இனப்பெருக்க வயதை எட்டின
(4) 3 ஆண்டு வாழ்ந்து 12 முட்டை இட்டது. 5 குஞ்சுகள் இனப்பெருக்க வயதை எட்டின

9. வகைப்பாட்டுப் படிநிலைகள் கீழிருந்து மேலாகச் சரியாக அமைந்த வரிசை
(1) தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம்
(2) பேரினம், வரிசை, குடும்பம், வகுப்பு, தொகுதி
(3) பேரினம், குடும்பம், வகுப்பு, வரிசை, தொகுதி
(4) பேரினம், குடும்பம், வரிசை, வகுப்பு, தொகுதி

10. வீட்டு ஈ எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது?
(1) மஸ்கா
(2) மியூசேசி
(3) மஸ்சிடே
(4) மஸ்சிகேப்பிடே

11. ஒரே வரிசையில் அடங்கி, வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இணை
(1) சிங்கம் – வீட்டுப்பூனை
(2) சிங்கம் – நாய்
(3) சிங்கம் – குதிரை
(4) சிங்கம் – புலி

12. மாமரத்தின் பெயர் மாஞ்சிஃபெரா இண்டிகா. புளியமரத்தின் பெயர் டாமரிண்டஸ் இண்டிகா. இரண்டும் ஒன்றுசேரும் மிகத் தாழ்ந்த படிநிலை
(1) வகுப்பு
(2) வரிசை
(3) குடும்பம்
(4) சிற்றினம்

விடைகள்

1–(2), 2–(4), 3–(3), 4–(1), 5–(3), 6–(2), 7–(1), 8–(2), 9–(4), 10–(3), 11–(2), 12–(1)

விளக்கம்

வினா 1. பெயரை வைத்து இணை சேர்த்தால் முள்ளோடு முள், கம்பியோடு கம்பி என்று (1) அல்லது (3)இல் போய் விழுவீர்கள். பார்க்க வேண்டியது உறுப்பு எங்கிருந்து முளைக்கிறது என்பதை. காகிதப்பூக் கிளை ஒன்றை எடுத்துப் பாருங்கள்: முள்ளுக்குக் கீழே ஓர் இலை இருக்கும், அல்லது இலை உதிர்ந்த தழும்பு இருக்கும். இலைக்கோணத்தில் நிற்பதால் முள் கோணமொட்டின் மாற்றுரு. பூசணியின் பற்றுக்கம்பியும் அப்படியே. பட்டாணியில் கூட்டிலையின் நுனிச் சிற்றிலைகள் கம்பியாகின்றன. சப்பாத்திக்கள்ளியில் இலையே முள்ளாகிறது. ஆகவே (1), (3), (4) மூன்றிலும் ஒரு பக்கம் தண்டு, மறுபக்கம் இலை. பட்டாணிக் கம்பியையும் கள்ளி முள்ளையும் ஒரே இணையாகக் கொடுத்தால் அது அமைப்பு ஒத்ததுதான், இரண்டும் இலை. அடுத்த முறை அப்படியும் கேட்கலாம்.

வினா 2. உருளை தண்டு, சர்க்கரைவள்ளி வேர். இரண்டும் உணவைச் சேமிக்கின்றன, தோற்றம் வேறு. "சர்க்கரைவள்ளியும் முளைக்கிறதே, அப்படியானால் தண்டுதானே" என்ற ஐயம் பலருக்கும் வரும். முளைப்பது மட்டும் தண்டுக்கு அடையாளம் ஆகாது. உருளையின் ஒவ்வொரு 'கண்'ணும் ஒரு கணு. அங்கே செதில் இலையின் தழும்பும் அதன் கோணத்தில் மொட்டும் இருக்கும். சர்க்கரைவள்ளியில் கணுவும் இல்லை, இலைத் தழும்பும் இல்லை. மொட்டுகள் வேற்றிடத்திலிருந்து கிளம்புகின்றன. இஞ்சி, சேனை இரண்டும் தண்டின் மாற்றுருக்கள். கேரட்டும் முள்ளங்கியும் ஆணிவேரின் மாற்றுருக்கள்.

வினா 3. அதிகம் பேர் மதிப்பெண் இழக்கும் வினா இதுவாகவே இருக்கும். (3)உம் (4)உம் ஒரே சொற்களை இடம்மாற்றி அடுக்கியவை. எந்த நிலையில் ஒப்பிடுகிறோம் என்று கேட்டுக்கொண்டால் குழப்பம் இராது. மேற்கை எலும்பு, ஆர எலும்பு, அல்னா, மணிக்கட்டு, விரல்கள் என்ற அடுக்கு இரண்டிலும் உண்டு. அது நான்கு கால் முதுகெலும்பிகளின் பொது மூதாதையிடமிருந்து வந்தது. ஆனால் அந்த மூதாதைக்கு இறக்கை கிடையாது. வௌவாலில் கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களும் நீண்டு, அவற்றினிடையே தோல் விரிகிறது. பறவையில் விரல்கள் குறைந்து ஒட்டிப்போய், பறப்புப் பரப்பைச் சிறகுகள் தருகின்றன. பறத்தல் இரண்டு முறை தனித்தனியே தோன்றியது. பூச்சியின் இறக்கையோடு ஒப்பிட்டால் இந்த இரட்டை விடைக்கு இடமில்லை: அங்கே எலும்பே இல்லை, செயல் ஒத்தது மட்டுமே.

வினா 4. வெவ்வேறு கிளைகள் ஒரே வகை வாழ்முறைக்கு வந்து ஒத்த வடிவம் பெற்றன. எனவே குவி பரிணாமம். (3) ஏன் இழுக்கிறது? ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளைத் தகவமைப்புப் பரவலுக்குப் பாடநூலே எடுத்துக்காட்டாகத் தருகிறது. பைப்பாலூட்டிகளை அவற்றுக்குள்ளேயே ஒப்பிட்டால் பரவல். நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளோடு ஒப்பிட்டால் குவிதல். வினாவில் இரண்டு கிளைகளின் பெயரும் வந்துவிட்டன.

வினா 5. (3), (4) இரண்டிலும் "முன்பே இருந்தது" வருகிறது. 'சில', 'எல்லா' என்ற ஒரு சொல்லில்தான் விடை இருக்கிறது. எல்லாவற்றிலும் இருந்தால் வேறுபாடே இல்லை; வேறுபாடு இல்லாத இடத்தில் தேர்வு எதைத் தேர்ந்தெடுக்கும்? (2) லாமார்க்கின் கருத்து. (1) நவீன மொழியில் சொன்ன லாமார்க்கியமே. "சடுதிமாற்றம்" என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். சடுதிமாற்றம் தேவையை அறிந்து வருவதில்லை. 1952இல் லெடர்பெர்க் இணையர் பாக்டீரியக் காலனிகளை வெல்வெட் துணியால் நகலெடுத்து, மருந்தைச் சந்திக்கும் முன்பே எதிர்ப்புச் செல்கள் மூலத் தட்டில் இருந்ததைக் காட்டினர்.

வினா 6. ஒரு முனை பிழைத்தது, மறுமுனை மடிந்தது, சராசரி நகர்ந்தது: இலக்கு நோக்கிய தேர்வு. தொகை சுருங்கியதைப் பார்த்துச் சிலர் (4) குறிப்பார்கள். நகர்வு என்றால் யார் சாவது என்பது தற்செயல். இங்கே சாவு அலகைப் பார்த்து வந்தது. உடைத்தல் முறை எனச் சொல்ல மெல்லிய அலகும் தடித்த அலகும் சேர்ந்து பிழைத்து நடுத்தரம் மடிந்திருக்க வேண்டும். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இருவரின் நெடுங்கால அளவீட்டில் இன்னொன்றும் தெரிந்தது: 1982–83இன் பெருமழைக்குப் பின் சிறிய விதைகள் பெருக, தேர்வு எதிர்த்திசைக்குத் திரும்பியது. "இலக்கு" என்ற சொல்லை வைத்து, இயற்கை முன்கூட்டியே ஓர் இலக்கு குறித்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

வினா 7. மனிதக் குழந்தையின் பிறப்பு எடைதான் வழக்கமான எடுத்துக்காட்டு. இரு முனைகளும் கழிவதால் கோடு குறுகி உயரும். (4) உடைத்தல் முறை.

வினா 8. ஆயுள், முட்டை எண்ணிக்கை இரண்டும் கவனத்தைத் திருப்பப் போட்ட எண்கள். இனப்பெருக்க வயதை எட்டும் சந்ததி எத்தனை என்பதே கணக்கு, 6 மிகுதி.

வினா 9. (1) சரியான அடுக்குதான், ஆனால் மேலிருந்து கீழ். வினாவின் "கீழிருந்து மேலாக" என்பதைப் படிக்காமல் விட்டவர் முதல் விடையிலேயே நின்றுவிடுவார். (2)இல் குடும்பமும் வரிசையும், (3)இல் வரிசையும் வகுப்பும் இடம் மாறியுள்ளன. தாவரவியல் நூல்களில் தொகுதிக்குப் 'பிரிவு' என்றும், வரிசைக்குத் 'துறை' என்றும் வரும், படிநிலை அதுவே.

வினா 10. நான்கும் காதில் ஒன்றுபோல் விழும், ஈற்றைப் பாருங்கள். விலங்குக் குடும்பம் '-இடே' என்றும், தாவரக் குடும்பம் '-ஏசி' என்றும் முடியும். மஸ்கா பேரினம். மியூசேசி வாழைக் குடும்பம். மஸ்சிகேப்பிடேவும் '-இடே'யில் முடிகிறது. ஆனால் அது ஈப்பிடிப்பான் பறவைகளின் குடும்பம். ஈற்று விதி இரண்டு விடைகளைத்தான் நீக்கும், மீதி இரண்டில் பெயரைத் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

வினா 11. சிங்கமும் புலியும் ஒரே பேரினம் (பாந்தெரா). வீட்டுப்பூனை வேறு பேரினம் (ஃபீலிஸ்), ஆனால் அதே ஃபீலிடே குடும்பம். நாய் கேனிடே குடும்பம். இரு குடும்பங்களும் கார்னிவோரா வரிசையில் சேர்கின்றன. குதிரை பாலூட்டி வகுப்பு வரைதான் கூட வரும்.

வினா 12. 'இண்டிகா' சிற்றின அடைமொழி. அது தனியாக ஓர் உயிரியையும் குறிக்காது. பேரினப் பெயரோடு சேர்ந்தால்தான் சிற்றினப் பெயர். எனவே (4) தவறு. மா அனகார்டியேசி குடும்பம், சாபின்டேல்ஸ் வரிசை. புளி ஃபேபேசி குடும்பம், ஃபேபேல்ஸ் வரிசை. இருவிதையிலை வகுப்பில்தான் இரண்டும் சந்திக்கின்றன. அடைமொழியை உறவுக்கு மட்டுமல்ல, பிறந்த நாட்டுக்கும் சான்றாகக் கொள்ள முடியாது: 'இண்டிகா' என்ற பெயர் பெற்ற புளியின் தாயகம் ஆப்பிரிக்கா.