இணையம் வராதபோது பார்க்க வேண்டிய விளக்குகளும் அழைக்க வேண்டியவர்களும்

அப்பா, அம்மா இருவருக்கும்: இந்தத் தாளை ரவுட்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். பத்திரமாக இருக்கட்டும் என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டாம்.

சென்ற முறை இணையம் நின்றபோது, எந்த விளக்கு எரிகிறது என்று நான் கேட்டதற்கு, "எல்லாமே நன்றாகத்தான் எரிகிறது" என்று அம்மா சொன்னதை நம்பி அரை மணி நேரம் வேறெங்கோ கோளாறு தேடினோம். எல்லா விளக்குகளும் எரிவது நல்ல அறிகுறி அன்று. அவற்றுள் ஒன்று எரியவே கூடாது. அதன் பெயர் LOS. இடமிருந்து மூன்றாவதாக இருக்கும் அந்த விளக்கின் கீழே அம்மாவின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

நல்ல நிலையில் இருக்கும்போது

முதல் விளக்கான POWER, இரண்டாவதான PON, நான்காவதான INTERNET ஆகிய மூன்றும் பச்சை நிறத்தில் எரிய வேண்டும். முதல் இரண்டும் சிமிட்டாமல் நிலையாக எரியும். நான்காவது சிமிட்டினாலும் தவறில்லை. ஐந்தாவதான WLAN நம் வீட்டு வைஃபைக்கு உரியது. அது படபடவென்று சிமிட்டுவது யாரோ இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு அடையாளமே தவிரக் கோளாறு அன்று. கடைசியில் உள்ள LAN விளக்குகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்குரியது மட்டும் எரியும், மற்றவை அணைந்திருக்கும். புள்ளி வைத்த LOS அணைந்தே இருக்க வேண்டும்.

இணையம் வராதபோது

POWER எரியவில்லை என்றால் முதலில் வீட்டில் மின்சாரம் இருக்கிறதா என்றும், பிறகு சுவரில் உள்ள சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா, அடாப்டர் நன்றாகச் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் பெருக்கும்போது இடிபட்டுத் தளர்ந்திருக்கும்.

LOS சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ, வெளியிலிருந்து ஒளி வடிவில் வர வேண்டிய சமிக்ஞை நம் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று பொருள். தெருவில் எங்கேனும் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய ஃபைபர் வயர் நாற்காலிக் காலில் மாட்டி மடங்கியிருக்கலாம். அந்த வயருக்குள் இருப்பது தலைமுடி போன்ற கண்ணாடி இழை. கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்துவிடும், உடையவும் கூடும். மேலே எதுவும் அழுத்திக்கொண்டிருந்தால் அதை மட்டும் நகர்த்துங்கள். வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்க்க வேண்டாம். அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது, ஏனெனில் அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கண்ணைக் கெடுக்கும். சிவப்பு விளக்கு போகவில்லை என்றால் அணைத்துப் போடுவதால் பெரும்பாலும் பயனில்லை, உடனே அழையுங்கள்.

LOS அணைந்திருந்தும் PON சிமிட்டிக்கொண்டே இருந்தாலோ, INTERNET எரியாமலோ சிவப்பாகவோ இருந்தாலோ, சுவர் சுவிட்சை அணைத்து, நிதானமாக முப்பது வரை எண்ணி, மீண்டும் போடுங்கள். விளக்குகள் மாறி மாறிச் சிமிட்டி அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அப்பா, ஐந்து நிமிடம் முடிவதற்குள் மறுபடியும் அணைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து தொடங்கும்.

விளக்குகள் எல்லாம் சரியாக இருந்தும் கைப்பேசியில் மட்டும் வரவில்லை என்றால், திரையின் மேலிருந்து கீழே இழுத்து, வைஃபை போடப்பட்டிருக்கிறதா, விமானப் படம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியின் பின்புறம் RESET என்ற சிறு துளை இருக்கிறது. அதில் ஊசியோ குச்சியோ நுழைத்து அழுத்தினால் கடவுச்சொல் உட்பட எல்லா அமைப்புகளும் அழிந்துவிடும். யார் சொன்னாலும் என்னைக் கேட்காமல் தொட வேண்டாம்.

யாரை அழைப்பது

வீட்டு இணையம் இல்லாதபோது வாட்ஸ்அப் அழைப்பு வராமல் போகலாம். சாதாரண அழைப்பையே பயன்படுத்துங்கள். எண் பலகையில் 2ஐ அழுத்திப் பிடித்தால் என்னை அழைக்கும். நான் எடுக்கவில்லை என்றால் 3, அது தம்பி. LOS சிவப்பாக இருந்தால் எங்களுக்காகக் காத்திராமல் 4ஐ அழுத்திப் பிடியுங்கள். அது இணைய நிறுவனத்தின் புகார் எண். நம் வாடிக்கையாளர் எண்ணைப் பெட்டியின் அடியில் மஞ்சள் தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். "லாஸ் விளக்கு சிவப்பாக எரிகிறது" என்று சொன்னாலே அவர்களுக்குப் புரியும். அவர்கள் தரும் புகார் எண்ணை நாட்காட்டியில் அன்றைய தேதியில் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் புகார் செய்யாதபோது யாராவது தாமாக அழைத்து, இணையத்தைச் சரிசெய்கிறோம், கைப்பேசிக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்கள் என்றோ, ஒரு செயலியைப் பதிவிறக்குங்கள் என்றோ கேட்டால், பதில் சொல்லாமல் துண்டித்துவிட்டு 2ஐ அழுத்துங்கள். இரவு எத்தனை மணியானாலும் தயங்க வேண்டாம்.